தாய்க் கோப்பு தமிழில் இருக்கட்டும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசல். காலை ஆறு மணி. நாகரசம்பட்டியிலிருந்து முதல் நாள் வேலைக்கு வந்த இருபது வயதுப் பையன் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கிறான். காவலர் அவனைப் பார்க்காமலே கன்னடத்தில் சொல்கிறார்: "இவத்து கெல்ஸ இல்ல." இன்றைக்கு வேலை இல்லை என்று பொருள். பையனுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் கடைசிச் சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான் என்பதால் "இல்ல" என்பது மட்டும் அவன் காதில் விழுந்துவிடுகிறது. எது இல்லை என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, "இன்னா சொல்றாரு?" என்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சப்டைட்டில் எழுதிய சின்னப் படம் ஒன்றில் வரும் காட்சி இது. ஆங்கிலத்தில் காவலரின் வரியை 'No work today' என்றும், பையனின் வரியை 'What is he saying?' என்றும் எழுதினேன். இரண்டுமே சரியான மொழிபெயர்ப்புதான். பெங்களூரில் ஒரு விழாவில் படம் ஓடியபோது அந்த இடத்தில் அரங்கின் ஒரு பகுதி சிரித்தது. இயக்குநர் அங்கே வைத்திருந்தது ஓர் இளைஞனின் பயம். ஆங்கில எழுத்தை மட்டும் நம்பிப் படித்தவர்களோ, இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் புரியாமல் நிற்கும் மந்தமான ஒருவனைப் பார்த்தார்கள். இரண்டு பேர் இரண்டு மொழியில் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை எழுத்தில், ஒரே ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு மொழியும் தெரியாத காதுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து, விழாக்களுக்குப் படம் அனுப்பும் நண்பர்கள் சொல்லும் ஒரு கருத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்தக் கருத்து இது: "விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். நல்ல ஆங்கில சப்டைட்டில் ஒன்று போதும். அது சுருக்கமாக, கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். காது கேளாதோருக்கான கேப்ஷன் வேண்டுமென்றால், அதே கோப்பில் நாலைந்து இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஓசைக் குறிப்பு சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்துப் போடுவது வீண் வேலை."

இந்த முடிவு தவறு என்பது என் வாதம். அடிப்படைத் தவறு வேலையின் வரிசையில் இருக்கிறது. முதலில் எழுத வேண்டியது தமிழ்க் கேப்ஷன். யார் பேசுகிறார், எந்த மொழியில், என்ன சொல்லில், எந்தத் தொனியில், பேச்சுக்கு அப்பால் என்ன ஓசை கேட்கிறது என்பதை முழுதாகப் பதிவு செய்யும் தமிழ்க் கோப்பு அது. ஆங்கிலமும் கன்னடமும் பிறவும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். ஆங்கிலக் கோப்பு தாயாகிவிடுகிறது. அதில் விழுந்துபோனது எந்த மொழியிலும் திரும்பி வருவதில்லை.

அந்த வாசல் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். இன்று எழுதினால் முதலில் தமிழில் இப்படி எழுதுவேன்:

```
212
00:31:07,250 --> 00:31:08,900
[காவலர், கன்னடத்தில்]
இவத்து கெல்ஸ இல்ல.

213
00:31:10,400 --> 00:31:11,900
இன்னா சொல்றாரு?
```

காது கேட்கும் தமிழருக்கு அந்த இடத்தில் என்ன கிடைக்கிறதோ, அதே அளவு இதைப் படிப்பவருக்கும் கிடைக்கிறது. அந்நிய மொழி ஒன்று, அதில் தெரிந்த சொல் ஒன்று. பொருளை நான் சொல்லவில்லை. பையனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியக்கூடாது என்பதுதான் காட்சியின் கட்டு. இந்தக் கோப்பு கையில் இருந்தால் ஆங்கிலத்தில் என்ன செய்யலாம் என்பது தானே தெரிகிறது:

```
212
00:31:07,250 --> 00:31:08,900
[in Kannada] ...no.
```

இதைப் படிக்கிறவர், பையன் அறிந்த அளவுதான் அறிகிறார். அடுத்த வரியில் அவன் கேட்கும் கேள்வி இவருடைய கேள்வியாகவும் ஆகிறது. கன்னடக் கோப்பில் நிலைமை வேறு. அங்கே காவலரின் வரியை முழுதாகத்தான் போட வேண்டும். கன்னடம் கேட்கும் காதுகளுக்கு அது எப்படியும் புரிந்துவிடும். காது கேளாத கன்னடரிடமிருந்து மட்டும் அதை ஏன் மறைக்க வேண்டும்? கன்னடக் கோப்பில் அதைவிட முக்கியம், பையனின் வரிக்கு முன்னால் [தமிழில்] என்ற குறிப்பு. ஆக ஒரு வரிக்கு மூன்று கோப்புகளில் மூன்று விடை. காவலர் பேசியது கன்னடம் என்று எங்கோ ஓரிடத்தில் எழுதி வைத்திருந்தால்தான் இந்த மூன்றையும் யோசிக்கவே முடியும். நேராக ஆங்கிலத்துக்குப் போன என் பழைய கோப்பில் அந்தத் தகவலே இல்லை. பிறகு அதை வாங்கிக் கன்னடத்தில் பெயர்த்த நண்பர், காவலர் ஏற்கெனவே கன்னடத்தில் பேசியதையே கன்னடத்தில் மறுபடி வேறு சொற்களில் எழுதியிருந்தார். அவர்மேல் தவறு சொல்ல மாட்டேன். நான் கொடுத்ததை வைத்து அவர் எழுதினார்.

மூன்று மொழி என்பது எங்கள் பக்கத்தில் அபூர்வமான விஷயம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், ஓசூரைத் தாண்டினால் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் எத்தனையோ. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னை அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். எங்களூரில் படம் எடுக்கிறவர்களுக்கு அருகில் உள்ள பெரிய திரைப்பட விழா, கர்நாடக சலனசித்ர அகாடமி நடத்தும் பெங்களூரு விழாதான். அந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பொய்யில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தமிழுக்கு மிக அருகிலிருக்கும் ஒரு மொழியிலிருந்து வருகிறார்கள். இடையில் ஆங்கிலத்தை நிறுத்தினால், பக்கத்து வீட்டுக்காரரிடம் லண்டன் வழியாகப் பேசியதுபோல் ஆகிவிடுகிறது.

இதற்குச் சான்று அதே படத்தில் ஒரு தட்டு. இரவு வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மா களி கிண்டிப் போடுகிறாள். ராகிக் களி. உருண்டை பிடித்துக் குழி செய்து குழம்பு ஊற்றுவதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். களி என்பதற்கு ஆங்கிலத்தில் வழக்கமாகப் போடும் சொல் 'porridge'. அது கூழுக்கும் கஞ்சிக்கும் பொருந்தும், களிக்குப் பொருந்தாது. பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தட்டில் தன் வீட்டு முத்தேயைப் பார்க்கிறார், எழுத்தில் கஞ்சியைப் படிக்கிறார். கண்ணும் எழுத்தும் சண்டை போடுகின்றன. தெலுங்குக்காரருக்கு அது சங்கட்டி. மூன்று மாநிலத்துக்கும் பொதுவான ஒரு சோற்றை, மூன்று பேருக்கும் தெரியாத ஒன்றாக அந்த ஒரு சொல் மாற்றிவிடுகிறது. தமிழ்க் கோப்பில் 'களி' என்று இருந்தால் கன்னடத்தில் எழுதுபவர் யோசிக்காமல் 'முத்தே' என்று போடுவார். ஆங்கிலத்தில் எழுதுபவரும் 'ragi' என்ற சொல்லை அப்படியே விட்டுவைக்கலாம். தட்டு திரையில் தெரியும்போது ஆங்கிலம் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு இங்கே தன் வலுவான சான்றை எடுத்து வைக்கும். 'பாரசைட்' படத்தில் இரண்டு வகை நூடுல்ஸைக் கலந்து செய்யும் ஒரு கொரிய உணவின் பெயர் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதிய டார்சி பாக்கெட், ராமென், உடோன் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டி 'ராம்டான்' என்று புதுச்சொல் ஒன்றை உண்டாக்கினார். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தை ஆக்ஸ்ஃபோர்டு என்று மாற்றினார். உலகம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. 2020-இல் படம் ஆஸ்கரும் வென்றது. ஆகவே பார்வையாளருக்குத் தெரிந்ததைக் கொடுப்பதே நல்ல சப்டைட்டில் என்கிறார்கள்.

பாக்கெட் செய்தது நல்ல வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொரியாவுக்கு வெகுதொலைவில் இருக்கும் ஆங்கிலப் பார்வையாளரை மனத்தில் வைத்து, அவருக்காக எழுதப்பட்ட வரிகள் அவை. எட்டாத தூரத்தில் இருப்பவருக்குக் கிட்டத்தில் ஒரு பொருளைக் காட்டுவது நியாயம். தமிழ்ப் படத்தை ஓசூருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறவர் தொலைவில் இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளை எடுத்துவிட்டுத் தெரியாத ஒன்றை வைக்கிறோம். பல மொழிக்காரர் சேர்ந்து உட்காரும் அரங்குக்கு, ஒரே தூரத்தில் இருப்பவருக்காக எழுதிய கோப்பு பொருந்தாது என்பதைத்தான் 'பாரசைட்' எனக்குச் சொல்கிறது.

அடுத்தது சுருக்கம் பற்றிய பேச்சு. சப்டைட்டிலைச் சுருக்கத்தான் வேண்டும், அதில் விவாதம் இல்லை. வாய் பேசும் வேகத்துக்குக் கண் படிக்காது. ஆங்கிலத்துக்கு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, வினாடிக்கு 17 முதல் 20 எழுத்து என்பது இப்போது பரவலாகப் பின்பற்றும் அளவு. கேள்வி எதைச் சுருக்குவது என்பதில் இருக்கிறது. பையன் ஓசூரில் அறை எடுத்துத் தங்கிய பிறகு அம்மா போனில் கேட்கிறாள்: "ஏம்பா, சோறு துன்னியா, இல்ல டீயோட நிறுத்திட்டியா?" திரையில் இதற்குக் கிடைப்பது 2.4 வினாடி. என்னுடைய முதல் கோப்பில் 'Have you eaten?' என்று மட்டும் இருந்தது. அழகாக, சுருக்கமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். ஆனால் இருபது நிமிடம் கழித்து டீக்கடைக் கணக்கு நோட்டு ஒன்று திரையில் வருகிறது. ஒவ்வொரு வேளையும் டீ, டீ என்று எழுதியிருக்கிறது. அம்மா முன்பே கண்டுகொண்டாள் என்பது அங்கே வந்து முட்ட வேண்டும். ஆங்கிலம் படித்தவருக்கு முட்டவில்லை, ஏனென்றால் டீயை நான் எடுத்துவிட்டிருந்தேன். 'Did you eat rice, or only tea?' என்றால் மொத்தம் 30 எழுத்து. 2.4 வினாடியில் ஓடினால் வினாடிக்குப் பன்னிரண்டரை. தாராளமாகப் படிக்கலாம். இடம் இருந்தது. கதையின் நூல் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல், வெறும் நளினத்துக்காக வெட்டினேன்.

அதே வரியைத் தமிழில் போட்டபோது வேறொரு பாடம் கிடைத்தது. தமிழில் எழுத்துப் போட்டால் நீளமாகிவிடும், யாராலும் படித்து முடிக்க முடியாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் மென்பொருள் காட்டும் சிவப்பு நிறத்தை நம்பிச் சொல்கிறார்கள். அம்மாவின் அந்தத் தமிழ் வரியைக் கண்ணால் எண்ணினால், இடைவெளியும் குறியும் சேர்த்து 30 எழுத்துதான். ஆங்கிலத்துக்கு எவ்வளவோ அவ்வளவே. ஆனால் நான் பயன்படுத்திய மென்பொருள் 48 என்று காட்டியது. காரணம் எளிது. யூனிகோடில் 'சோ' என்பது ச என்ற குறியும் ஓகாரக் குறியுமாக இரண்டு. 'த்' என்பது த வும் புள்ளியுமாக இரண்டு. நாகரசம்பட்டி என்று எங்களூர்ப் பெயரை எழுதினால் நமக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு. ஆக, வினாடிக்குப் பன்னிரண்டரை என்று ஓடும் வரியை மென்பொருள் வினாடிக்கு இருபது என்று கணக்கிட்டுச் சிவப்பாக்குகிறது. அதைப் பார்த்துப் பயந்து தமிழ் வரியை வெட்டுகிறார்கள், அல்லது தமிழ் வேண்டாம் என்றே முடிவு செய்கிறார்கள். தமிழ் நீளமான மொழி என்ற தீர்ப்பில் பாதி இந்தக் கணக்குப் பிழையிலிருந்து வந்தது. மென்பொருள் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, ஒரு முறை ஒலியை அணைத்துப் படத்தை ஓடவிட்டுப் படித்துப் பாருங்கள். படிக்க முடிகிறதா என்பதை அதைவிட நம்பகமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது.

திரையரங்கில் தமிழ் எழுத்து உடைந்து வரும் என்பார்கள். இது உண்மையான இடர். டிஜிட்டல் புரொஜெக்டருக்குப் போகும் டிசிபி தொகுப்பில் சப்டைட்டிலை எழுத்துருவுடன் சேர்த்து அனுப்பினால், சில அரங்குகளின் கருவிகள் கொம்பையும் காலையும் சரியாகக் கோக்காது. 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்கு வழியும் உண்டு. ஒவ்வொரு வரியையும் பிஎன்ஜி படமாக மாற்றி டிசிபிக்குள் வைக்கலாம். அதற்குத் தரநிலை இடம் கொடுக்கிறது. படமாகப் போனது எந்த அரங்கிலும் உடையாது. கோப்பு கொஞ்சம் கனக்கும், பிழை திருத்தினால் மறுபடி படம் எடுக்க வேண்டும். கொ, கை, ஞெ, ஸ்ரீ நான்கும் வரும் சோதனை வரி ஒன்றை முதலிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டால் விழா நாளன்று அதிர்ச்சி இருக்காது.

இனி ஓசைக்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் வாதத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது. "ஓசைக் குறிப்புகள் படத்தின் அமைதியைக் கெடுக்கின்றன. மௌனத்தை நம்பும் கலைப்படத்தில் [காற்று வீசுகிறது] என்று எழுதுவது அபத்தம்" என்கிறார்கள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. படத்தில் பின்னணி இசை கிடையாது. மீனா ஏறக்குறைய பேசாமலே இருப்பவள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் வண்டியிலும் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. முறைமாமன் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கேட்கிறது. மீனா அதை மெல்ல முணுமுணுக்கிறாள். பாண்டி வெறிகொண்டு அடிக்கத் தொடங்குகிறான், அவளை மட்டுமல்ல, தடுக்க வந்தவர்களையும்.

இந்தக் காட்சியைக் காது கேளாத ஒருவர் உரையாடல் மட்டும் உள்ள சப்டைட்டிலோடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கிறது. எழுத்து எதுவும் இல்லை. திடீரென்று ஒரு மனிதன் எல்லாரையும் அடிக்கிறான். ஏன்? அவருக்குக் காரணம் தெரியாது. படத்தின் நடுமுள் அந்தப் பாட்டுதான். பேசாதவள் வாய்திறக்கும் அரிய கணம் அது. அவள் மனம் இன்னும் அவளிடமே இருக்கிறது என்று பாண்டிக்குத் தெரிந்துவிடும் கணம். அங்கே இரண்டு குறிப்பு தேவை: ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, அதை மீனா முணுமுணுக்கிறாள். இரண்டையும் எழுதாமல் விட்டால் அவருக்குக் கிடைப்பது வேறொரு படம், காரணமற்ற வெறியைப் பற்றிய படம். பாண்டியின் கரகரத்த குரலுக்கும் இதே நியாயம்தான். ஆள்பவன் தொண்டையே கட்டிக்கிடக்கிறது என்பதைக் காது கேட்கும் நாம் ஒவ்வொரு வசனத்திலும் பெறுகிறோம். அவன் முதலில் பேசும் இடத்தில் [தொண்டை கட்டிய குரலில்] என்று ஒரே ஒரு தடவை எழுதினால் போதும்.

இசை இல்லாத படத்தில் ஓசைதான் இசையின் வேலையைச் செய்கிறது. ஆகவே மௌனத்தை நம்பும் படத்துக்குத்தான் கேப்ஷன் அதிகம் தேவை. வணிகப் படத்தில் நூறு இடத்தில் [பரபரப்பான இசை] என்று போட்டாலும் போடாவிட்டாலும் கதை புரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். கேட்பதையெல்லாம் எழுதினால் திரை நிரம்பிவிடும் என்று அஞ்சுவது சரி. நான் வைத்திருக்கும் சோதனை இது: அந்த ஓசையால் யாராவது திரும்புகிறார்களா, நிற்கிறார்களா, முடிவை மாற்றுகிறார்களா? ஆம் என்றால் எழுது. திரையில் ஓசையின் மூலமே தெரிந்தால் விடு. நாய் வாயைத் திறந்து குரைப்பதைக் காட்டும்போது [நாய் குரைக்கிறது] வேண்டாம். சட்டகத்துக்கு வெளியே குரைத்தால், அதைக் கேட்டு ஒருத்தி விளக்கை அணைத்தால், வேண்டும்.

இந்தச் சோதனையும் போதாது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். பிறவியிலேயே காது கேளாதவர். தமிழ் நன்றாகப் படிப்பார். அவர் படித்த பள்ளியில் எழுத்து என்றால் தமிழ்தான். சொன்னேனே, அந்தச் சின்னப் படத்துக்குப் பின்னாளில் தமிழில் கேப்ஷன் எழுதியபோது அவரைக் கடையிலேயே உட்காரவைத்து மடிக்கணினியில் ஓட்டினேன். ஒரு காட்சியில் அம்மா அடுப்படியில் கை நிறுத்தி வாசலைப் பார்க்கிறாள், பிறகு மறுபடி வேலையில் குனிகிறாள். வெளியே கம்பெனி பஸ்ஸின் ஹாரன். நான் [பஸ் ஹாரன்] என்று எழுதியிருந்தேன். அண்ணன் படத்தை நிறுத்தச் சொல்லி, பையன் வந்துவிட்டானா, ஏன் இவள் எழுந்து போகவில்லை என்று சைகையில் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது கேட்கிறவருக்கு அந்த ஹாரன் நெருங்கி வந்து, நிற்காமல் தேய்ந்து போவது கேட்கிறது. மகன் இந்த வாரமும் வரவில்லை என்பது அந்தத் தேய்தலில்தான் இருக்கிறது. ஹாரன் என்ற பெயரில் இல்லை. மாற்றி எழுதினேன்: [கம்பெனி பஸ் ஹாரன், நிற்காமல் போகிறது]. மறுபடி ஓட்டியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். 'துன்னியா' போன்ற பேச்சு வடிவங்கள் அவருக்கு முதல் பார்வையில் தடுக்கின. பேச்சைக் காதால் கேட்டுப் பழகாமல் பாடநூலில் தமிழ் கற்றவருக்கு வட்டாரப் பேச்சின் எழுத்து வடிவம் புதிதாகவே இருக்கும். அதற்காக அம்மாவை "உணவு உண்டாயா" என்று பேசவைக்க முடியாது. வாயசைவைப் படிக்கிறவருக்கு அது பொய்யென்று உடனே தெரிந்துவிடும். நான் கண்ட நடுவழி, ஊரைக் காட்டும் சொல்லைக் காப்பாற்றுவது, வெறும் உச்சரிப்புச் சிதைவை நேராக்குவது. 'துன்னியா' இருக்கும். 'போய்க்கினுக்கிறேன்' என்று நடிகர் விழுங்கிப் பேசியது 'போய்க்கிட்டிருக்கேன்' ஆகும். இது முழுமையான தீர்வு இல்லை. ஆனால் இந்தக் கேள்வி தமிழ்க் கோப்பு எழுதினால்தான் எழும். ஆங்கிலக் கோப்பைக் கேப்ஷன் என்று பெயர் மாற்றினால் அந்த அண்ணனுக்குக் கிடைத்திருப்பது, அவருக்குத் தெரியாத மூன்றாவது மொழியில் ஒரு படம்.

பெயர் மாற்றுவது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் 'பதான்' படம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம், ஓடிடி வெளியீட்டுக்குக் கேப்ஷனும் ஒலி விவரிப்பும் தயாரிக்கும்படி தயாரிப்பு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அடுத்து 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேசியத் திரைப்பட விருதுக்கும் கோவா விழாவின் இந்தியன் பனோரமாவுக்கும் அனுப்பும் படங்களில் க்ளோஸ்டு கேப்ஷனும் ஒலி விவரிப்பும் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்று அதில் இருக்கிறது. விதி வந்தவுடன் எங்கும் கேட்கும் கேள்வி, "இருக்கிற ஆங்கில எஸ்ஆர்டி-யையே கொடுத்துவிடலாமா?" என்பதுதான். அப்படிக் கொடுக்கலாம் என்று நினைக்கவைப்பது நான் மறுக்கும் இதே கருத்துதான். சப்டைட்டில், காதால் ஓசையைக் கேட்டுக்கொண்டே மொழி புரியாமல் இருப்பவருக்கு எழுதுவது. கேப்ஷன், மொழி தெரிந்தும் ஓசை எட்டாதவருக்கு எழுதுவது. ஒருவருக்குத் தேவையானது மற்றவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே கோப்பு இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

செலவு பற்றிச் சொல்வார்கள். சின்னப் படக்காரர்களிடம் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களோடுதான் வேலை செய்கிறேன். ஆனால் தமிழ்க் கோப்பு கூடுதல் செலவு என்பது அவ்வளவு சரியில்லை. நேரம் தின்பது ஒவ்வொரு வரிக்கும் உள்-வெளி நேரம் குறிப்பதும், படப்பிடிப்பில் மாறிய வசனத்தைக் கேட்டுக் கேட்டு எழுதுவதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். தமிழில் முதலில் முடித்துவிட்டால் நேரக்குறிப்பு எல்லா மொழிக்கும் அப்படியே போகும். ஆங்கிலத்தில் எழுதுபவர் படத்தை நூறு முறை நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. கன்னடத்தில் எழுத ஆங்கிலமும் தெரிந்த ஆளைத் தேட வேண்டியதில்லை. ஓசூரில் தமிழும் கன்னடமும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? மலையாளத்தில் எம்சோன் என்ற தன்னார்வக் குழு உலகப் படங்களுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் எழுதி வெளியிடுகிறது. பக்கத்து மொழியில் செய்ய முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அரங்கில் ஒரே திரையில் இத்தனை மொழியை எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் படத்தின்மேல் அடுக்க முடியாது, இரண்டு வரிக்கு மேல் போனால் முகம் மறையும். பல விழாக்களில் படத்தின்மேல் ஒரு மொழியும், திரைக்குக் கீழே தனிப் பட்டையில் இன்னொரு மொழியும் ஓடுகின்றன. ஒரு திரையிடலுக்கு ஆங்கிலமும் கன்னடமும், இன்னொரு திரையிடலுக்குத் தமிழ்க் கேப்ஷன் திறந்த நிலையில், என்று நேர அட்டவணையிலேயே பிரித்துப் போடலாம். இதில் விழா நடத்துபவர்களுக்குச் சிரமம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோப்பே இல்லாதபோது அந்தச் சிரமத்தைப் பற்றிப் பேச வழியே இல்லை.

படம் முடித்துவிட்டு விழாக்களுக்கு அனுப்பத் தயாராகும் இயக்குநர்களிடம் நான் கேட்பது இதுதான். சப்டைட்டில் எழுதுபவரிடம் படத்தைக் கொடுக்கும்போது, "முதலில் தமிழில் முழுக் கேப்ஷன் கொடுங்கள், அதை நான் பார்த்துச் சரிசெய்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்" என்று சொல்லுங்கள். அந்தத் தமிழ்க் கோப்பை உங்கள் ஊரில் காது கேளாத ஒருவருக்கு ஒரு முறை ஓட்டிக்காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தச் சொல்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.